ஐந்து நாளில் நகராவிட்டால் விற்றுவிடு: ஒரு விதியின் மறுவிசாரணை

பங்கு வாங்கியாயிற்று. மூன்று சதவீதம் கீழே ஸ்டாப் லாஸ், ஆறு சதவீதம் மேலே டார்கெட். இரண்டில் ஒன்று நடந்தால் நம் வேலை முடிந்தது. ஆனால் பங்கு இரண்டையுமே தொடாமல், திண்ணையில் உட்கார்ந்த பெரியவர் மாதிரி அங்கேயே இருக்கிறது. நாலு நாள், ஆறு நாள், பத்து நாள். என்ன செய்வது?

இதற்குச் சந்தையில் சொல்லித்தரப்படும் பதில்தான் டைம் ஸ்டாப். "ஐந்து வர்த்தக நாளில் நகராவிட்டால், எந்த விலையாக இருந்தாலும் விற்றுவிட்டு வெளியே வா." ஸ்விங் டிரேடிங் வகுப்புகளில் இது கிட்டத்தட்ட வேதவாக்கு. நானும் ஒரு வார இறுதி வகுப்பில்தான் கற்றுக்கொண்டேன். இரண்டு வருடம் கடைப்பிடித்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. இது நல்ல விதி என்று என் மச்சினனுக்கும் சொன்னேன். அவன் சேமிப்பில் ஒரு பகுதியை இதே விதியில் ஓட்டிவிட்டு, போன தீபாவளிக்கு வந்தபோது கேட்டான்: "மாமா, டைம் ஸ்டாப்ல வர்றதெல்லாம் லாபமாத்தான் இருக்கு. ஆனா வருஷக் கடைசில கணக்கு பாத்தா கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. எங்க போவுது?"

எனக்கும் அதே கதைதான். அவனிடம் "மார்க்கெட் அப்படித்தான் மாப்ளே" என்று சமாளித்தேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். இந்தக் குறிப்பு அந்தக் கேள்விக்கான தாமதமான பதில்.

முதலில் என் சொந்தக் கணக்கைத் திறந்து வைக்கிறேன். எல்லா டிரேடையும் 1000 ரூபாய்ப் பங்காக மாற்றி எழுதுகிறேன், படிக்கச் சுலபமாக இருக்கும். அப்படியானால் ஸ்டாப் 30 ரூபாய் கீழே, டார்கெட் 60 ரூபாய் மேலே. மொத்தம் 71 டிரேட். டார்கெட்டைத் தொட்டவை 6. ஸ்டாப்பில் அடிபட்டவை 26. ஐந்தாம் நாள் டைம் ஸ்டாப்பில் வெளியே வந்தவை 39. இந்த 39-ல் 27 லாபத்தில் முடிந்தன. சராசரியாக ஒவ்வொன்றும் 11 ரூபாய் லாபம்.

இந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் இரண்டு வருடம் மகிழ்ந்துகொண்டிருந்தேன். பாருங்கள், ஸ்டாப் நஷ்டம் தருகிறது, டார்கெட் அபூர்வமாக வருகிறது, டைம் ஸ்டாப்தான் பத்துக்கு ஏழு முறை லாபத்தில் வெளியே கொண்டுவருகிறது! விதி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒரு சோதனை செய்தேன். எந்தத் திறமையும் இல்லாத ஒரு டிரேடர் இதே விதியில் ஆடினால் என்ன வரும்? நான் வாங்கிய பங்குகளின் தினசரி ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், சராசரியாக 1.5 சதவீதம், 1000 ரூபாய்க்கு 15 ரூபாய். இதைக் காசு சுண்டியே உருவாக்கலாம். தலை விழுந்தால் ஒரு ரூபாய் மேலே, பூ விழுந்தால் ஒரு ரூபாய் கீழே. ஒரு நாளைக்கு 225 முறை சுண்டினால், 225-ன் வர்க்கமூலம் 15, நமக்கு வேண்டிய அதே ஏற்ற இறக்கம் கிடைத்துவிடும். இந்தப் 'பங்கு' எங்கே போகும் என்று யாராலும் கணிக்க முடியாது. சராசரி லாபம் சுத்தமாகப் பூஜ்யம்.

```python
import random

def trade(days):
    x = 0
    for _ in range(225 * days):
        x += random.choice((-1, 1))
        if x in (-30, 60):
            break
    return x

r = [trade(5) for _ in range(10000)]
live = [x for x in r if x not in (-30, 60)]
print(r.count(60), r.count(-30), len(live))
print(sum(live) / len(live))
print(sum(r) / len(r))
```

ஓட்டிப் பாருங்கள். பத்தாயிரம் டிரேடில் ஏறத்தாழ 735 டார்கெட்டைத் தொடும். 3,710 ஸ்டாப்பில் போகும். மீதி 5,555 டைம் ஸ்டாப்பில் வரும். அந்த 5,555-ன் சராசரி லாபம் சுமார் 12 ரூபாய். அவற்றில் பத்துக்கு ஏழு லாபத்தில் முடியும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் எண்கள் கொஞ்சம் மாறும், ஆனால் இந்த அக்கம்பக்கத்தில்தான் நிற்கும். மொத்தச் சராசரி பூஜ்யத்தைச் சுற்றியே இருக்கும்.

என் 71 டிரேடையும் இந்த விகிதத்தில் பிரித்தால் டார்கெட் 5, ஸ்டாப் 26, டைம் ஸ்டாப் 40 என்று வருகிறது. என் கணக்கு 6, 26, 39. அதாவது நான் இரண்டு வருடம் சார்ட் பார்த்து, செய்தி படித்து, ராத்திரி தூக்கம் கெட்டுச் செய்தது, ஒரு ரூபாய் நாணயம் செய்ததிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாதபடி இருக்கிறது. கூட்டிப் பாருங்கள்: 6 × 60 = 360 வரவு, 26 × 30 = 780 செலவு, 39 × 11 = 429 வரவு. நிகரம் 9 ரூபாய். அதற்கு மேல் கட்டணம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

அப்படியென்றால் நாணயத்துக்கு டைம் ஸ்டாப்பில் லாபம் எங்கிருந்து வந்தது? இதுதான் எனக்கு உறைத்த இடம். ஸ்டாப் 30 ரூபாய் தூரத்தில், பக்கத்திலேயே இருக்கிறது. டார்கெட் 60 ரூபாய் தூரத்தில். கீழே போகிற டிரேடுகள் சீக்கிரமே ஸ்டாப்பில் முட்டி, ஆட்டத்தை விட்டு வெளியேறிவிடுகின்றன. ஐந்தாம் நாள் மிச்சம் இருப்பவை எவை? கீழே போகாதவை. அவற்றின் சராசரி மேலே இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. காய்ச்சல்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வகுப்பில் மிச்சம் இருக்கும் பிள்ளைகளை எண்ணி 'எங்கள் பள்ளியில் யாருக்கும் காய்ச்சலே இல்லை' என்று சொல்வது போலத்தான். காலம் போகப்போக, பிழைத்திருக்கும் டிரேடுகள் ஸ்டாப்புக்கும் டார்கெட்டுக்கும் நடுவில் குவியும். -30-க்கும் +60-க்கும் நடு, +15. என் '11 ரூபாய் லாபம்' அந்த நடுப்புள்ளியை நோக்கிய பயணத்தில் இருந்த ஒரு எண், அவ்வளவுதான்.

ஆக, முதல் குற்றச்சாட்டு இது: டைம் ஸ்டாப்பில் வெளிவந்த டிரேடுகளை மட்டும் தனியாகக் கூட்டி, அந்தச் சராசரியை விதியின் தகுதிச் சான்றிதழாகக் காட்டக் கூடாது. டார்கெட் ஸ்டாப்பைவிடத் தூரத்தில் இருக்கும் எந்த முறையிலும், திறமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தச் சராசரி லாபமாகத்தான் வரும். பயிற்சி வகுப்புகளில் காட்டப்படும் "டைம் எக்ஸிட் வின் ரேட் 70%" என்ற ஸ்லைடு பொய் இல்லை. ஆனால் அது எதையும் நிரூபிக்கவில்லை.

இதற்குப் பின்னால் ஒரு பழைய தேற்றம் இருக்கிறது. நியாயமான ஆட்டத்தில், எதிர்காலத்தை எட்டிப் பார்க்காமல் எந்த விதிப்படி நிறுத்தினாலும் சராசரி ஆதாயம் மாறாது என்று அமெரிக்கக் கணித அறிஞர் தூப் பெயரில் வழங்கும் தேற்றம். ஸ்டாப் லாஸும் அப்படிப்பட்ட விதி, டார்கெட்டும் அப்படி, டைம் ஸ்டாப்பும் அப்படித்தான். வெளியேறும் விதி லாபத்தின் வடிவத்தை மாற்றும். நிறைய சின்ன லாபம், சில பெரிய நஷ்டம் என்றோ, அதைத் திருப்பியோ. வாங்கும்போது ஆதாயம் ஒன்றும் இல்லையென்றால் வெளியேறும் விதியால் அதை உண்டாக்க முடியாது.

சரி, இரண்டாவது விஷயம். ஏன் ஐந்து நாள்? ஏன் நாலு இல்லை, ஒன்பது இல்லை? வகுப்பில் கேட்டபோது "ஒரு வாரம் சார்" என்றார் பயிற்றுநர். வாரத்துக்கு ஐந்து வர்த்தக நாள் என்பது சந்தை நேரத்தின் ஏற்பாடு. பங்குக்கு அது தெரியாது.

காசு சுண்டும் பங்குக்கு இதற்கு அழகான, சின்ன சூத்திரம் உண்டு. ஸ்டாப் தூரம், டார்கெட் தூரம் இரண்டையும் பெருக்கி, தினசரி திட்ட விலக்கத்தின் வர்க்கத்தால் வகுத்தால், டிரேட் முடியச் சராசரியாக ஆகும் நாள் கிடைக்கும். 30 × 60 ÷ (15 × 15) = 8 நாள். ஆக, என் டிரேடுகள் இயல்பாகவே முடிய எட்டு நாள் கேட்கின்றன. நான் ஐந்தாம் நாளே கதவைச் சாத்துகிறேன். பாதிக்கு மேல் டைம் ஸ்டாப்பில் வந்ததற்குக் காரணம் பங்குகள் 'தேங்கிப்போனது' இல்லை. தேங்கின என்று நான் சொன்ன பங்குகளில் பெரும்பாலானவை முற்றிலும் சாதாரணமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தன.

சூத்திரத்தில் தூரங்கள் பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். ஸ்டாப்பையும் டார்கெட்டையும் இரட்டிப்பாக்கினால், அதாவது 60-ம் 120-ம் வைத்தால், காலம் இரட்டிப்பாவதில்லை, நாலு மடங்காகிறது: 32 நாள். அந்த அமைப்பில் ஐந்து நாள் டைம் ஸ்டாப் வைத்தால் நூறில் 93 டிரேட் கடிகாரத்தால்தான் முடியும். ஸ்டாப்பும் டார்கெட்டும் அலங்காரத்துக்கு. நேர்மாறாக 15-ம் 30-ம் வைத்தால் சராசரி 2 நாள். ஐந்தாம் நாள் மிச்சம் இருப்பது நூறில் ஏழுதான். அங்கே ஐந்தாம் நாளும் முடியாத டிரேட் உண்மையிலேயே விசித்திரமானது. ஒரே 'ஐந்து நாள்', மூன்று முற்றிலும் வேறுவேறு விதிகள். இதைச் சொல்லாமல் ஐந்து நாள் என்று மட்டும் சொல்வது, உடம்பு எடை கேட்காமல் மருந்தளவு சொல்வதற்குச் சமம்.

இதே சூத்திரம் உண்மையான தேக்கத்தைக் கண்டுபிடிக்கவும் உதவும். ஒன்பது நாளில் பங்கு சராசரியாகப் போகக்கூடிய தூரம் 15 × 3 = 45 ரூபாய். உங்கள் பங்கு ஒன்பது நாளும் வாங்கிய விலைக்கு மேலும் கீழும் பத்து ரூபாய்க்குள்ளேயே ஆடிக்கொண்டிருக்கிறது என்றால், அது சோம்பேறித்தனம் இல்லை, நீங்கள் கணக்குப் போட்ட ஏற்ற இறக்கம் இப்போது இல்லை என்று அர்த்தம். தினசரி விலக்கம் 15-லிருந்து 8-ஆகச் சுருங்கியிருந்தால், அதே ஸ்டாப், அதே டார்கெட்டுக்கு எதிர்பார்க்கும் காலம் 1800 ÷ 64, சுமார் 28 நாள். நீங்கள் வாங்கியது எட்டு நாள் டிரேட். இப்போது கையில் இருப்பது 28 நாள் டிரேட். அதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அது நாட்களை எண்ணிக் கேட்கும் கேள்வி இல்லை, விலக்கத்தை அளந்து கேட்கும் கேள்வி. (நிஜச் சந்தையில் விலை காசு சுண்டுவதைப் போல ஒவ்வொரு ரூபாயாக நகராது. காலையில் இடைவெளி விட்டுத் திறக்கும். ஸ்டாப் 30-ல் இருந்தாலும் 45-ல் விற்கும். சூத்திரத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள், ஜாதகமாக வேண்டாம்.)

மூன்றாவதாக, டைம் ஸ்டாப்புக்காகச் சொல்லப்படும் மிகப் பிரபலமான வாதம்: "பணம் முடங்கிக் கிடக்கிறது. அதை எடுத்து நகரும் பங்கில் போடலாமே." கேட்க நியாயமாக இருக்கிறது. இதில் என் மச்சினன் கேட்ட "எங்க போவுது" என்பதற்கான பதில் ஒளிந்திருக்கிறது.

டைம் ஸ்டாப் இல்லாவிட்டால் ஒரு டிரேட் சராசரியாக 8 நாள் இருக்கும். ஐந்து நாள் டைம் ஸ்டாப் வைத்தால், ஸ்டாப்பில் சீக்கிரம் போனவற்றையும் சேர்த்து, சராசரி சுமார் 4 நாள். வருடத்துக்கு ஏறத்தாழ 250 வர்த்தக நாள். பணத்தைச் சும்மா வைக்காமல் திரும்பத் திரும்பப் போட்டால் முதல் வகையில் 31 டிரேட், இரண்டாம் வகையில் 62. டெலிவரியில் வாங்கி விற்றால் பங்குப் பரிவர்த்தனை வரி மட்டுமே வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம். முத்திரைத் தீர்வை, எக்ஸ்சேஞ்ச் கட்டணம் எல்லாம் சேர்த்தால் 1000 ரூபாய்க்கு ஏறத்தாழ 2 ரூபாய் 25 காசு. டெபாசிட்டரிக் கட்டணம் தனி. தரகுக் கட்டணம் பூஜ்யம் என்றே வைத்துக்கொண்டேன். 31 டிரேடுக்கு 70 ரூபாய். 62 டிரேடுக்கு 140 ரூபாய். அதாவது முதலீட்டில் 7 சதவீதம் போக வேண்டிய இடத்தில் 14 சதவீதம் போகிறது.

வங்கி வைப்பு தரும் வட்டியளவு ஒரு தொகை, டைம் ஸ்டாப் என்ற ஒரே காரணத்துக்காக, ஒவ்வொரு வருடமும் கூடுதலாகக் கரைகிறது. டிரேட் பட்டியலில் இது தெரியவே தெரியாது. ஒவ்வொரு வரியிலும் இரண்டு ரூபாய், யார் கண்ணில் படும்? மச்சினன் என்னைவிடச் சுறுசுறுப்பு. வெளியே வந்த பணத்தை அன்றைக்கே அடுத்த பங்கில் போடுபவன். அவன் கேள்வி என் கேள்வியைவிடக் காட்டமாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

பணம் முடங்குகிறது என்ற வாதம் தப்பு என்று நான் சொல்லவில்லை. அது பாதி வாதம் என்கிறேன். ஒப்பிட வேண்டியது பழைய டிரேடில் இனிமேல் மிச்சம் இருக்கும் ஆதாயத்தையும், புதிய டிரேடின் ஆதாயத்தில் கட்டணம் போக நிற்பதையும். இதுவரை என்ன நடந்தது என்பது இரண்டிலும் கிடையாது. உதாரணமாக, நீங்கள் தேர்ந்தெடுக்கும் பங்குகளில் ஒரு சின்ன ஆதாயம் நிஜமாகவே இருக்கிறது, நாளைக்கு ஒரு ரூபாய் என்று வைப்போம். அந்த ஆதாயம் பங்கு கையில் இருக்கும்வரை தொடரும் என்றால், பழைய பங்கும் நாளை ஒரு ரூபாய் தரும், புதிய பங்கும் நாளை ஒரு ரூபாய் தரும். மாற்றினால் 2 ரூபாய் 25 காசு, அதாவது இரண்டு நாளைக்கும் மேலான ஆதாயம் தண்டம். டைம் ஸ்டாப் இங்கே சுத்தமான நஷ்டம். அந்த ஆதாயம் முதல் ஐந்து நாளோடு தீர்ந்துவிடும் என்றால் கதையே வேறு. பழைய பங்கில் இனி ஒன்றும் இல்லை. புதியதில் சராசரி நாலு நாளுக்கு நாலு ரூபாய், கட்டணம் போக 1 ரூபாய் 75 காசு நிற்கும். டைம் ஸ்டாப் இங்கே சம்பாதிக்கிறது.

ஆக எல்லாம் ஒரே ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: நீங்கள் வாங்கிய காரணத்தின் ஆயுள் என்ன? விலை நகர்ந்ததா என்பது இதில் இரண்டாம்பட்சம்.

சில காரணங்களுக்கு ஆயுள் காலண்டரிலேயே எழுதியிருக்கும். நிஃப்டி 50 குறியீட்டில் எந்தப் பங்கு சேரும், எது போகும் என்பது வருடத்துக்கு இரண்டு முறை மாற்றப்படுகிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் அமலுக்கு வரும். அறிவிப்பு சுமார் நாலு வாரம் முன்பே வந்துவிடும். குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகள் அந்த அமல் நாளையொட்டி வாங்கியே ஆக வேண்டும். அந்த வாங்குதலை நம்பி ஒருவர் முன்கூட்டி வாங்கினால், அமல் நாள் முடிந்த அன்று சாயங்காலம் அவருடைய காரணம் செத்துப்போகிறது. பங்கு அதே இடத்தில் நின்றாலும் சரி, நாலு ரூபாய் லாபத்தில் இருந்தாலும் சரி, இனி வைத்திருப்பதற்கு அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. இதுதான் மிகச் சுத்தமான டைம் ஸ்டாப். அதில் ஐந்தும் இல்லை, பத்தும் இல்லை. ஒரு தேதி இருக்கிறது.

நேரெதிர் உதாரணம் காலாண்டு முடிவுகள். எதிர்பார்த்ததைவிட நல்ல லாபம் காட்டிய நிறுவனத்தின் பங்கு, அறிவிப்பு நாளோடு நின்றுவிடாமல் அதன்பிறகும் மெதுவாக அதே திசையில் போவதை 1968-லேயே பாலும் பிரவுனும் கவனித்து எழுதினார்கள். 1989-ல் பெர்னார்டும் தாமஸும் அமெரிக்கப் பங்குகளில் இந்த நகர்வின் பெரும்பகுதி சுமார் 60 வர்த்தக நாளில் நடப்பதாகக் காட்டினார்கள். இந்தக் காரணத்துக்காக ஒரு பங்கை வாங்கிவிட்டு ஐந்தாம் நாள் 'நகரவில்லை' என்று விற்பவர், தான் எதற்காக வாங்கினோம் என்பதையே மறந்துவிட்டார். அந்த நகர்வு ஒரு நாளைக்கு மிகச் சின்னது; தினசரி ஆட்டத்துக்குள் கண்ணுக்கே தெரியாது. ஐந்து நாளில் அது தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதே பிழை.

என் 71 டிரேடில் காரணம் என்று நான் குறிப்பேட்டில் எழுதியிருந்ததைத் திருப்பிப் பார்த்தேன். பாதிக்கு மேல் 'பிரேக்அவுட்' என்ற ஒற்றைச் சொல். அதன் ஆயுள் என்ன? எழுதியவனுக்கே தெரியவில்லை.

ஆயுளை அளக்க முடியுமா? முறை எளிது. ஸ்டாப், டார்கெட், டைம் ஸ்டாப் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நீங்கள் வாங்கிய ஒவ்வொரு பங்கும், வாங்கிய நாளிலிருந்து முதல் நாள், இரண்டாம் நாள் என்று இருபதாம் நாள் வரை எவ்வளவு நகர்ந்தது என்று எழுதுங்கள். அதே நாட்களில் நிஃப்டி நகர்ந்ததைக் கழியுங்கள். நாள்வாரியாகச் சராசரி எடுங்கள். அந்தக் கோடு எங்கே ஏறுவதை நிறுத்துகிறதோ அங்கே காரணம் தீர்ந்தது. வெளியேறிய பிறகும் என்ன ஆனது என்பதை எழுதுவதுதான் இதில் முக்கியம்; நம் குறிப்பேடுகள் எல்லாம் விற்ற அன்றே முடிந்துவிடுகின்றன.

ஆனால் முடிவை நம்புவதற்கு முன்னால் ஒரு கணக்கு. நாளைக்கு ஒரு ரூபாய் ஆதாயம் என்றால் ஐந்து நாளில் 5 ரூபாய். அதே ஐந்து நாளின் தற்செயல் ஆட்டம் 15 × √5, ஏறத்தாழ 33.5 ரூபாய். நூறு டிரேடின் சராசரியை எடுத்தாலும் பிழை 3.4 ரூபாய் நிற்கும். 5 ரூபாயை அதிலிருந்து ஓரளவு நம்பிக்கையோடு பிரித்தெடுக்க சுமார் 180 டிரேட் வேண்டும். ஒரே வாரத்தில் வாங்கிய நாலு வங்கிப் பங்குகள் நாலு டிரேட் இல்லை, ஒன்றரை டிரேட் என்றுதான் எண்ண வேண்டும்; அப்படிப் பார்த்தால் இன்னும் கூடும். என்னிடம் இருப்பது 71. ஐந்து நாளா ஏழு நாளா என்று நுணுக்கமாகச் சொல்லும் தகுதி என் தரவுக்குக் கிடையாது. பேக்டெஸ்டில் 'சிறந்த டைம் ஸ்டாப் 7 நாள்' என்று தேடிப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் இந்த 33.5 ரூபாய் ஆட்டத்தின் ஒரு சுழிப்பைத்தான் பிடிக்கிறார்கள்.

நடுவில் ஒரு விஷயம். டைம் ஸ்டாப்புக்கு அறிவியல் ஆதரவு இருக்கிறது என்று காட்ட லோபெஸ் டி பிராடோவின் 2018 புத்தகத்தை எடுத்துக் காட்டுகிறவர்கள் உண்டு. அதில் மேல் தடை, கீழ் தடை, செங்குத்துத் தடை என்று மூன்று தடைகள் வரும். செங்குத்துத் தடை காலம். உண்மை. ஆனால் அங்கே அது இயந்திரக் கற்றலுக்கான பயிற்சித் தரவில் ஒவ்வொரு டிரேடுக்கும் 'மேலே போனது, கீழே போனது, ஒன்றும் ஆகவில்லை' என்று முத்திரை குத்துவதற்கான ஏற்பாடு. எப்போதாவது கணக்கை மூட வேண்டுமே என்பதற்காக வைத்த கோடு. அது ஐந்து நாள் விதிக்குச் சாட்சி சொல்ல வரவில்லை.

ஆப்ஷன் வாங்குபவர்களை இந்த விசாரணையிலிருந்து விடுவித்துவிடுகிறேன். அங்கே காலம் நிஜமாகவே காசு. நடப்பு விலையையொட்டிய ஆப்ஷனின் விலை, மற்றவை மாறாவிட்டால், மிச்சமுள்ள நாட்களின் வர்க்கமூலத்தோடு போகும். ஒன்பது நாள் மிச்சமிருக்கையில் வாங்கி, பங்கு அசையாமல் நாலு நாள் மிச்சம் என்ற நிலைக்கு வந்தால் மூன்றில் ஒரு பங்கு பணம் போயிருக்கும். அங்கே பக்கவாட்டு நகர்வு நடுநிலை இல்லை, நஷ்டம். ஐந்து நாள் விதி அங்கே பிறந்து, பிறகு காரணத்தை விட்டுவிட்டுப் பங்குப் பக்கம் குடிபெயர்ந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கடன் வாங்கி மார்ஜினில் பங்கு வைத்திருப்பவர்களுக்கும் நாள்வட்டி ஓடுகிறது. அவர்களும் கணக்கில் அந்த வட்டியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது நான் செய்வது இதுதான். வாங்கும் முன் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதுகிறேன். முதல் வரி, காரணமும் அது காலாவதியாகும் தேதியும். தேதி எழுத முடியாத காரணமாக இருந்தால் பெரும்பாலும் வாங்குவதில்லை. வாங்கினால் டைம் ஸ்டாப் வைப்பதில்லை. இரண்டாவது வரி, பெருக்கி வகுத்து வரும் சராசரி நாள். காலாவதித் தேதி அந்தச் சராசரியைவிட மிக முன்னால் வருகிறதென்றால் டார்கெட் பேராசை என்று அர்த்தம். ஸ்டாப்பையும் டார்கெட்டையும் சுருக்குகிறேன், அல்லது விட்டுவிடுகிறேன். எட்டு நாள் காரணத்துக்கு 32 நாள் தூரத்தில் டார்கெட் வைத்தால், பிறகு தேங்கிவிட்டது என்று பங்கைத் திட்டிப் புண்ணியமில்லை.

கடைசியாக, விலை கொடுத்துக் கற்ற ஒரு சில்லறை விஷயம். டைம் ஸ்டாப்பை நமக்காக யாரும் நிறைவேற்றித் தருவதில்லை, கையால்தான் விற்க வேண்டும். ஸ்டாப்புக்கும் டார்கெட்டுக்கும் ஜிடிடி ஆர்டர் போட்டிருப்போம். ஒரு முறை டைம் ஸ்டாப்பில் பங்கை விற்றுவிட்டு அந்த ஜிடிடியை ரத்து செய்ய மறந்துவிட்டேன். வழக்கமாகக் கையில் பங்கு இல்லாவிட்டால் அந்த ஆர்டர் நிராகரிக்கப்படும், ஒன்றும் ஆகாது. ஆனால் அதே பங்கு, மகள் படிப்புக்காக வருடக்கணக்கில் சேர்த்துவந்தது, அதே கணக்கில் இருந்தது. மூன்று வாரம் கழித்து விலை ஸ்டாப்பைத் தொட்டது. ஆர்டர் எழுந்து அதிலிருந்து விற்றது. வரிக் கணக்கும் சேர்ந்து குழம்பியது. இப்போது டிரேடிங் தனிக் கணக்கு, சேமிப்பு தனிக் கணக்கு. மச்சினனுக்கு இந்தக் குறிப்பை அனுப்பும்போது கோட் எல்லாம் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்தப் பத்தியை மட்டும் முதலில் படி என்று எழுதியிருக்கிறேன்.